‘வழக்கமானது ரெண்டு பாக்ஸ்’: பீன்யாவில் ஒரு பொறுப்பு மாற்றம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் சி.என்.சி. இயந்திரங்களுக்கான வெட்டுக் கருவிகளை வாங்கி விற்கும் ஸ்டாக்கிஸ்ட் நிறுவனம் எங்களுடையது. உலோகத்தை வெட்டும் சிறு முனையாக ஹோல்டரில் மாட்டும் கார்பைடு இன்சர்ட், ட்ரில், எண்ட் மில், ஹோல்டர் ஆகியவைதான் பெரும்பகுதி வியாபாரம். அலுவலகத்தில் பதினான்கு பேர். விற்பனைப் பிரிவைக் கவனிப்பது நான்.

எங்களிடம் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவரிடம் 64 வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவரை இங்கே ‘மூத்தவர்’ என்று குறிப்பிடுகிறேன். சொந்த ஊர் தருமபுரி. தமிழும் கன்னடமும் ஒரே வேகத்தில் பேசுவார், தேவைப்பட்டால் இந்தியும் வரும். 2024 பிப்ரவரி முதல் வாரத்தில், அப்பாவின் உடல்நிலை காரணமாக ஊருக்கே போகப்போவதாகவும் மார்ச் மாதத்தோடு விடுவிக்க வேண்டும் என்றும் கேட்டார். சண்டை, சம்பளப் பிரச்சினை எதுவும் கிடையாது. நல்லபடியாகப் பிரிந்து போகிறவர், ஒத்துழைக்கத் தயாராக இருக்கிறவர். அப்படியிருந்தும் இவ்வளவு தடுமாறினோம் என்பதால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

அவர் இடத்துக்கு வந்தவர், எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு ஆண்டுகளாக விலைப்பட்டியல் அனுப்புவது, ஸ்டாக் பார்ப்பது என்று உள்ளிருந்து வேலை செய்த பெண். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். இன்சர்ட்டின் குறியீட்டைப் பார்த்தே அது எந்த வேலைக்கு என்று சொல்லிவிடுவார். வாடிக்கையாளர்களில் பாதிப் பேரிடம் போனில் பேசியும் இருக்கிறார். அதனால் இந்த மாற்றம் எளிது என்று நான் கணக்குப் போட்டேன்.

முதலில் செய்தது: எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல்

பிப்ரவரி 26 அன்று 64 வாடிக்கையாளர்களுக்கும் ஒரே மின்னஞ்சல் போனது. மூத்தவர் விடைபெறுகிறார், இனி உங்கள் அக்கவுண்ட் மேனேஜர் இவர், இவருடைய எண் இது, புகைப்படம் இணைப்பில். வாசகம் நன்றாகவே இருந்தது. எழுதியவன் நான்தான்.

அதில் மூன்று தவறுகள் இருந்தன. எதுவும் அனுப்பும்போது கண்ணில் படவில்லை.

முதலாவது, பதவிப் பெயர். எங்கள் துறையில் ‘அக்கவுண்ட் மேனேஜர்’ என்றால் ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர், விசாரணை, புகார் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர். பீன்யாவில் ஒரு ஜாப் ஷாப் முதலாளி அதைப் படித்தால் கணக்குப் பிள்ளை என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மார்ச் பிறக்கும் முன்பே மூன்று இடங்களிலிருந்து புதியவருக்கு மின்னஞ்சல் வந்தது: ஆண்டு முடிவுக்கு லெட்ஜர் அனுப்புங்கள், பாக்கித் தொகையை உறுதி செய்யுங்கள் என்று. ஆர்டர்கள் வழக்கம்போல் மூத்தவருக்கே போய்க்கொண்டிருந்தன.

இரண்டாவது, மின்னஞ்சலின் அடியில் இருந்த வங்கி விவரம். அதே மாதம் நாங்கள் நடப்புக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றியிருந்தோம். அலுவலகத்தில் எல்லோருடைய கையெழுத்துப் பகுதியிலும் புதிய கணக்கு எண் தானாகவே சேரும்படி செய்திருந்தார்கள். ஆக, வாடிக்கையாளர் கையில் கிடைத்த மின்னஞ்சலில் புதிய ஆள், புதிய மொபைல் எண், புதிய வங்கிக் கணக்கு மூன்றும் ஒன்றாக இருந்தன. சப்ளையர் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி எப்படி இருக்குமோ, அச்சு அசல் அதே உருவம்.

மூன்றாவது, அது யாருக்குப் போனது என்பது. எங்கள் பட்டியலில் இருந்தவை பர்ச்சேஸ் தலைமையின் முகவரிகள். அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விலை பேசுகிறவர்கள். அன்றாடம் போனை எடுத்து இன்சர்ட் கேட்கிறவர்கள் ஷாப் ஃப்ளோர் சூப்பர்வைசரும் ஸ்டோர்ஸ்காரரும்தான். அவர்களில் பலருக்குக் கம்பெனி மின்னஞ்சலே கிடையாது.

மார்ச் முதல் இரு வாரங்கள்: கண்டவை

மூத்தவரின் போன் ஓயவில்லை. அவர் எடுப்பார், ஆர்டரைக் கேட்பார், பக்கத்து மேஜையில் இருக்கும் புதியவரிடம் சீட்டில் எழுதிக் கொடுப்பார். பொருள் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக நடந்தது. வாடிக்கையாளரைப் பொறுத்தவரை எதுவுமே மாறவில்லை என்பதுதான் அதன் அர்த்தம் என்று எனக்கு உறைக்க இரண்டு வாரம் ஆனது.

ஒரு பெரிய வாடிக்கையாளரிடமிருந்து மார்ச் 10 அன்று வரவேண்டிய ₹4,86,000 வரவில்லை. கேட்டபோது அவர்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு பணத்தை நிறுத்தி வைத்திருப்பது தெரிந்தது. காரணம் அந்த மின்னஞ்சல்தான். புதியவர் போன் செய்து விளக்கியிருக்கிறார். அது சந்தேகத்தைக் கூட்டியது. “நீங்க அனுப்பின நம்பர்லேருந்து நீங்களே பேசி உறுதி பண்ணா அது உறுதியாம்மா?” என்று அங்கிருந்த அதிகாரி கேட்டிருக்கிறார். அவர் கேட்டது முழுக்க நியாயம். கடைசியில் எங்கள் முதலாளி கையெழுத்திட்ட கடிதம், ரத்து செய்த காசோலை, அவர்களிடம் ஏற்கெனவே பதிவாகியிருந்த எங்கள் தரைவழி எண்ணுக்கு அவர்களே போட்ட ஒரு போன் எல்லாம் முடிந்து பணம் வந்தது மார்ச் 29. பத்தொன்பது நாள் தாமதம், அதுவும் மார்ச்சில்.

அதைவிடப் பெரிய பாடம் வேறொரு இடத்திலிருந்து வந்தது.

மார்ச் 14 இரவு

ஃபோர்ஜிங்கில் வந்த எஃகு ஃபிளேன்ஜ்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு யூனிட், பீன்யா இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அங்கிருந்து சூப்பர்வைசர் மூத்தவருக்குப் போன் போட்டார். மூத்தவர் மருத்துவமனையில் அப்பாவுடன் இருந்ததால் எடுக்கவில்லை. அலுவலக எண்ணுக்கு அழைத்தார். புதியவர் எடுத்தார்.

“அண்ணன் எங்கம்மா? சரி, நீங்களே அனுப்பிடுங்க. வழக்கமானது ரெண்டு பாக்ஸ். நைட் ஷிப்டுக்கு வேணும்.”

புதியவர் செய்தது எந்தப் பயிற்சியிலும் சரி என்று சொல்லக்கூடியதுதான். கணினியில் அந்த வாடிக்கையாளரின் கடைசி இன்வாய்ஸைப் பார்த்தார். CNMG 120404 மூன்று பாக்ஸ் என்றிருந்தது. அதையே இரண்டு பாக்ஸ் எடுத்து, டெலிவரி சலான் போட்டுப் பையன் கையில் கொடுத்தனுப்பினார்.

துறைக்கு வெளியே உள்ளவர்களுக்காக ஒரு விளக்கம். அந்தக் குறியீட்டின் கடைசி இரண்டு எண்கள் இன்சர்ட் முனையின் ஆரத்தைச் சொல்கின்றன. 04 என்றால் 0.4 மில்லிமீட்டர், 08 என்றால் 0.8. சிறிய ஆரம் குறைந்த அழுத்தத்தில் வெட்டும். மெல்லிய ஃபினிஷிங் வெட்டுக்கு ஏற்றது. முதலில் உலோகத்தை ஆழமாகச் செதுக்கி எடுக்கும் ரஃபிங்குக்குப் பெரிய ஆரம் வேண்டும், இல்லையென்றால் முனை பொறிந்துவிடும். இரண்டும் ஒரே வடிவம், ஒரே நிறம், ஒரே மாதிரி பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்குப் பத்து. லேபிளில் ஒரு எண்தான் வித்தியாசம்.

அந்த யூனிட்டில் இரண்டையுமே வாங்குவார்கள். ஃபினிஷிங் லைனுக்கான 04-ஐ ஸ்டோர்ஸ்காரர் பி.ஓ. எனும் கொள்முதல் ஆணை போட்டுக் கேட்பார். ரஃபிங் லைனுக்கான 08-ஐ இந்தச் சூப்பர்வைசர் போனில் கேட்பார், பி.ஓ. மறுநாள் வரும். இருவரும் பயன்படுத்தும் சொல் ஒன்றுதான்: வழக்கமானது. குரலைக் கேட்டதுமே மூத்தவருக்கு 04-ஆ 08-ஆ என்று தெரிந்துவிடும். அது எந்தக் கணினியிலும் இல்லை. அவரிடம் கேட்டபோதும், “அதைத் தனியா சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லைங்க” என்றார். உண்மைதான், பதினோரு வருடமாகக் குரலிலேயே கேட்ட விஷயம் அவருக்கு ஒரு தகவலாகவே தெரிந்திருக்காது.

இரவு ஷிப்டில் ஆபரேட்டர் பெட்டியைப் பிரித்து மாட்டியிருக்கிறார். நாற்பது பீஸ் தாங்க வேண்டிய முனை ஆறேழு பீஸில் பொறிந்தது. மெட்டீரியல் கடினமாக வந்திருக்கிறதோ என்று நினைத்து வேகத்தைக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது இன்சர்ட்டும் போன பிறகுதான் லேபிளைப் பார்த்தார்கள். அன்றைய ரஃபிங் வேலை பாதிக்கு மேல் நின்றது. காலை ஏழே காலுக்கு அந்த யூனிட்டின் முதலாளி என்னை அழைத்தார், கத்தவில்லை. “உங்க புதுப் பொண்ணுக்கு விஷயம் தெரியலைங்க” என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை. அந்தப் பெண்ணுக்கு விஷயம் நன்றாகவே தெரியும். அந்த வீட்டின் பேச்சுவழக்கை யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மார்ச் 16 அன்று நாங்கள் மூவரும் உட்கார்ந்து, அறிமுகத்தை முதலிலிருந்து மறுபடி செய்வது என்று தீர்மானித்தோம்.

64 பேரையும் நேரில் போய்ப் பார்க்க நாள் இல்லை. விற்பனையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு 18 பேரிடமிருந்து வந்தது. அவர்களிடம் மூத்தவரும் புதியவரும் சேர்ந்து போவது, நடுத்தரமான 39 பேருக்கு மூத்தவரே போன் செய்து அதே அழைப்பில் புதியவரை இணைத்துப் பேச வைப்பது, எப்போதாவது வாங்கும் ஏழு பேரைக் கவுண்டர் விற்பனைக்கு மாற்றுவது என்று பிரித்தோம். மின்னஞ்சல் இனி ஒருவருக்கும் முதலில் போகாது. பேசி முடித்த பிறகு, பேசியதை உறுதிப்படுத்தும் நான்கு வரி மட்டும் போகும். அதில் வங்கி விவரம் இருக்காது. வங்கி மாற்றம் எங்கள் முதலாளியின் கடிதமாகத் தனியே போகும். பதவிப் பெயரையும் மாற்றினோம்: ‘உங்கள் ஆர்டர், விசாரணைகளைக் கவனிப்பவர்’. நீளம்தான், ஆனால் அதன் பிறகு யாரும் லெட்ஜர் கேட்கவில்லை.

போவதற்கு முன் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கத் தாள் தயாரானது. மூத்தவரை எழுதச் சொன்னால், பொருள் பட்டியலும் விலையும்தான் எழுதினார். அவை கணினியிலேயே இருக்கின்றன. எனவே புதியவர் கேள்வி கேட்க, அவர் பதில் சொல்ல, புதியவரே எழுதிக்கொள்ளும்படி மாற்றினோம். கேள்விகள் இப்படி இருந்தன: இங்கிருந்து யார் யார் போன் செய்வார்கள்? அவர் ‘வழக்கமானது’ என்றால் எது? பி.ஓ. வராமல் பொருள் அனுப்புவது யார் சொன்னால்? நீங்கள் அவர்களுக்கு வாயால் சொன்ன வாக்குறுதி ஏதாவது நிலுவையில் இருக்கிறதா? அவர்களுக்கு நம்மேல் என்ன கோபம்?

அந்த ஃபிளேன்ஜ் யூனிட்டின் தாளில் கடைசியில் இருந்தவை ஐந்து வரிகள். சூப்பர்வைசர்: போனில் மட்டும், வழக்கமானது என்றால் 08, ரஃபிங் கிரேடு, பி.ஓ. மறுநாள். ஸ்டோர்ஸ்: பி.ஓ.வுடன், வழக்கமானது என்றால் 04. முதலாளி: விலை மட்டும் பேசுவார், காலை பத்துக்கு முன் பேசினால் நல்லது. நிலுவை: டிசம்பரில் திருப்பிய ஒரு ஹோல்டருக்குக் கிரெடிட் நோட் தரவில்லை. கோபம்: அதே கிரெடிட் நோட். ஒரு வாடிக்கையாளருக்கு இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தைப் பிப்ரவரியிலேயே செலவழித்திருக்கலாம்.

சந்திப்புகள் நடந்த விதம்

முதல் சந்திப்பு வீண். நான் கூடப் போயிருந்தேன். மூத்தவரும் வாடிக்கையாளரும் நாற்பது நிமிடம் பேசினார்கள்: அப்பாவின் சிகிச்சை, தருமபுரி நிலம், பிள்ளைகளின் படிப்பு. பதினோரு ஆண்டுப் பழக்கம், பேசத்தான் செய்வார்கள். புதியவர் மடியில் டைரியுடன் உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர் அவரைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார், டீ வந்தபோது ஒருமுறை “எடுத்துக்கோங்கம்மா” என்றார். கிளம்பும்போது மூத்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஊருக்குப் போனாலும் போன்ல இருப்பீங்கல்ல?” என்று கேட்டார். மூத்தவர் மனசார, “எப்ப வேணாலும் கூப்பிடுங்கண்ணே” என்றார். நாங்கள் எதற்காகப் போனோமோ அது அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்துபோனது. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, வேறெப்படித்தான் பதில் சொல்வார்?

அன்று திரும்பும் வழியில், ஜாலஹள்ளி கிராஸ் நெரிசலில் வண்டி நின்ற நேரத்தில், முறையை மாற்றினோம். இந்த முறை பேசியது பெரும்பாலும் புதியவர்தான். “நான் வெறுங்கையோட போறேன் சார். அதான் என்னை யாரும் பார்க்க மாட்டேங்கறாங்க” என்றார்.

அதன்படி அடுத்தடுத்த சந்திப்புகள் இப்படி நடந்தன. உட்கார்ந்ததும் மூத்தவர் மூன்றே விஷயங்களைச் சொல்வார்: என்றைக்குக் கிளம்புகிறார், இன்றிலிருந்து ஆர்டரும் விலையும் யார், அவர் சொன்னால் கம்பெனி சொன்ன மாதிரி. பிறகு புதியவர் தன் பையிலிருந்து அந்த வாடிக்கையாளரின் நிலுவை விஷயத்தை எடுத்து வைப்பார். ஃபிளேன்ஜ் யூனிட்டில் அது டிசம்பர் கிரெடிட் நோட். கூடவே மார்ச் 14 அன்று கெட்டுப்போன இன்சர்ட்டுகளுக்கு மாற்றாக இரண்டு பாக்ஸ் 08, விலையில்லாமல். முதலாளி கிரெடிட் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று மாதமாக மூத்தவரிடம் கேட்டு வராதது, புதியவர் கையால் வந்தது. அதன் பிறகு அவர் பேசியது புதியவரிடம்.

அந்தக் கட்டத்தில் மூத்தவர், “நான் போய் பசங்களைப் பார்த்துட்டு வர்றேன்” என்று எழுந்து ஷாப் ஃப்ளோருக்குப் போய்விடுவார். இது முக்கியம். அவர் அறையில் இருக்கும்வரை வாடிக்கையாளரின் கண் அவரிடமே போகும். பத்து நிமிடம் கழித்துப் புதியவரும் ஷாப் ஃப்ளோருக்கு வருவார். அங்கே சூப்பர்வைசர், ஸ்டோர்ஸ்காரர், ஆபரேட்டர் ஒவ்வொருவரிடமும் மூத்தவர் பெயர் சொல்லி அறிமுகம் செய்வார். புதியவர் அவர்கள் முன்னாலேயே தாளைக் காட்டி, “நீங்க வழக்கமானதுன்னா 08, சரிதானே அண்ணா?” என்று கேட்பார். சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். “எழுதியே வெச்சுட்டீங்களா!” என்றார். பிறகு தாளில் இல்லாத ஒன்றை அவரே சேர்த்தார்: காஸ்ட் அயர்ன் வேலை வந்தால் வேறு கிரேடு, அதற்கும் அவர் சொல்லும் சொல் வழக்கமானதுதான்.

கிளம்பும்போது போன் பற்றிய கேள்வி தவறாமல் வந்தது. பதிலை முன்பே பழகியிருந்தோம். மூத்தவர் சொல்வார்: “கூப்பிடுங்க, வீட்டு விஷயம் நிறையப் பேசலாம். இன்சர்ட் வேணும்னா மேடம்கிட்டதான், எனக்கு ஸ்டாக் தெரியாதே.” கடைசி மூன்று சொற்கள்தான் வேலை செய்தன. மறுப்பு மாதிரி ஒலிக்கவில்லை, ஆனால் அழைத்துப் பயனில்லை என்று புரிந்தது.

மார்ச் கடைசியில் பர்ச்சேஸ்காரர்களைப் பிடிப்பது கடினம். மார்ச் 30-க்குள் 18-இல் 13 இடங்கள்தான் முடிந்தன. மீதிக்காக மூத்தவர் ஏப்ரலில் தினக்கூலிக் கணக்கில் சில நாள் தங்கி, யுகாதிக்கு முன்னால் ஊருக்குப் போனார்.

‘அவர் சொன்னாரே’

பொறுப்பு மாறும் நேரத்தில் பழைய வாக்குறுதிகள் திடீரென்று நினைவுக்கு வரும். ஏப்ரலில் மூன்று வாடிக்கையாளர்கள், மூத்தவர் கூடுதல் தள்ளுபடி தருவதாகச் சொல்லியிருந்தார் என்றார்கள். தாள்களில் வாக்குறுதிகள் எழுதியிருந்ததால் புதியவருக்கு உடனே தெரிந்தது. ஒன்று உண்மை, அன்றே கொடுத்தோம். ஒன்று, அப்படிப் பேச்சு நடந்தது ஆனால் முடிவாகவில்லை, அதைப் புதிய பேச்சாக எடுத்துக்கொண்டோம். மூன்றாவது தாளில் இல்லை. “என்கிட்ட இருக்கிற குறிப்புல இல்லைங்க சார், நான் அவர்கிட்டயும் கேட்டுட்டேன்” என்று புதியவர் சொன்னதும் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

தாளில் இருந்தும் எங்களை அதிரவைத்தது வேறொன்று. ஒரு சின்ன ஜாப் ஷாப்புக்கு மூத்தவர் எங்கள் 45 நாள் கெடுவைத் தாண்டி 90 நாள்வரை சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்து வந்திருக்கிறார். புதியவருக்கு அந்த அதிகாரம் இல்லை, நானும் தரவில்லை. அந்த வாடிக்கையாளர் வேறு இடத்தில் வாங்கத் தொடங்கினார். கன்னடம் மட்டுமே பேசும் இன்னொரு முதலாளி, “அந்த அம்மாகிட்ட எனக்குப் பேச வராது” என்று கன்னடத்தில் நேராகவே சொல்லிவிட்டார். புதியவரின் கன்னடம் அப்போது வணக்கம் சொல்லும் அளவில்தான் இருந்தது. அந்த முதலாளியைக் கன்னடம் தெரிந்த சக ஊழியரிடம் மாற்றினோம். அறிமுகம் நன்றாக நடந்தால் எவரையும் எவருடனும் பொருத்திவிடலாம் என்பது இல்லை.

தொலைபேசி எண்

மூத்தவரின் எண் அவருடைய சொந்த எண். கம்பெனிக்குக் கொடுங்கள் என்று கேட்க முடியாது, அவருடைய வங்கியும் ஆதாரும் அதில்தான். ஆனால் ஒன்பது வருட வாட்ஸ்அப் உரையாடல்களும் அதிலேயே இருந்தன: பொறிந்த முனைகளின் படங்கள், வாடிக்கையாளர்களின் டிராயிங்குகள். பிறருடைய டிராயிங்குகள் எங்களை விட்டுப் போகிறவர் போனில் தங்குவது சரியில்லை. தேவையானதை எடுத்துக்கொண்டு மீதியை அவரையே அழிக்கச் சொன்னோம்.

இரண்டு பெரிய வாடிக்கையாளர்களின் சப்ளையர் போர்ட்டலில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருந்தது. உள்ளே நுழைய ஓ.டி.பி. போவது மூத்தவரின் எண்ணுக்கு. அதை மாற்ற அவர்களுடைய ஐ.டி. பிரிவுக்கு லெட்டர்ஹெட்டில் கடிதம் கொடுத்து ஒன்பது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒன்பது நாளும் ஒவ்வொரு முறை சரக்கு அனுப்பும்போதும் தருமபுரிக்குப் போன் போட்டு ஆறு இலக்க எண்ணைக் கேட்டோம்.

புதியவருக்குக் கம்பெனி பெயரில் ஒரு சிம் வாங்கினோம். இனி எந்த விற்பனையாளரும் சொந்த எண்ணை வாடிக்கையாளருக்குத் தர வேண்டியதில்லை. அந்த 18 பேருக்கு மட்டும் மூத்தவரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் மூன்று வாரம் அவர் இருப்பார், கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டார். புதியவர் பதில் சொன்ன பிறகு தேவைப்பட்டால் திருத்துவார். திருத்தியது மொத்தம் நான்கு முறை.

பின் நடந்தவை

மூத்தவர் தனக்கு வந்த வேலை அழைப்புகளை எங்களுக்காக நோட்டில் குறித்துவந்தார். ஏப்ரல் முதல் வாரம் முப்பத்தெட்டு. ஜூன் கடைசி வாரம் மூன்று. நேரில் போன 18 இடங்களிலிருந்து அழைப்புகள் வேகமாகக் குறைந்தன. போனில் மட்டும் அறிமுகம் செய்த 39-இல்தான் நீண்டுகொண்டே போனது. காரணம் தேடியபோது பழைய கதைதான்: போனில் பேசியது முதலாளியிடம், கூப்பிடுகிறவர் சூப்பர்வைசர். ஜூலையில் புதியவர் அவற்றில் பன்னிரண்டு இடங்களுக்குத் தனியாகவே போய் ஷாப் ஃப்ளோரில் பேசிவிட்டு வந்தார்.

செப்டம்பர் முடிவில், 64-இல் இருவர் எங்களை விட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் அந்த 90 நாள்காரர். இன்னொருவர் ஏன் போனார் என்று கேட்டோம், விலை என்றார்கள். அது முழுக் காரணம் என்று நான் நம்பவில்லை. அவர்களுடைய மார்ச் மாத விசாரணை ஒன்று மூத்தவர் போனிலேயே பதில் இல்லாமல் கிடந்ததைப் பிறகு கண்டோம்.

ஆயுத பூஜைக்கு ஃபிளேன்ஜ் யூனிட்டிலிருந்து புதியவருக்கு அழைப்பு வந்தது. போய் வந்தவர் பொரிப் பொட்டலத்தோடு ஒரு விசாரணையும் கொண்டு வந்தார், புதிதாக வாங்கும் இயந்திரத்துக்கான ஹோல்டர்கள்.

அடுத்த முறை மாற்றுவது

மார்ச்சில் யாரையும் மாற்ற மாட்டோம். ஒருவர் அந்த மாதம்தான் போயாக வேண்டும் என்றால், சந்திப்புகள் ஜனவரியிலேயே முடிய வேண்டும், அல்லது ஏப்ரலில் இரண்டு வாரச் சம்பளத்தைக் கூடுதலாகத் தர வேண்டும். எங்களுக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை.

வங்கி, முகவரி, ஜி.எஸ்.டி. விவரம் என்று எது மாறினாலும், ஆள் மாற்றச் செய்திக்கும் அதற்கும் இடையே ஒரு மாதமாவது இடைவெளி விடுவோம். புதியவர் வாயால் வங்கி மாற்றத்தை ஒருபோதும் சொல்லவைக்க மாட்டோம்.

அந்த ஒரு பக்கத் தாளை இப்போது எல்லா விற்பனையாளர்களும் வைத்திருக்கிறார்கள். யாரும் போகாதபோதே எழுதச் சொன்னதில் ஒருவருக்கு வருத்தம், தன்னை அனுப்பப் பார்க்கிறோமோ என்று. அதனால் என்னுடைய வாடிக்கையாளர்களுக்கான தாள்களை நான் முதலில் எழுதினேன். எழுதும்போது, ஒரு இடத்தில் ‘வழக்கமானது’ என்று எனக்கு இரண்டு பேர் சொல்வதைக் கவனித்தேன். இரண்டாமவர் எதைச் சொல்கிறார் என்று உறுதியாக எழுத முடியவில்லை. மறுநாள் போன் செய்து கேட்டுத்தான் எழுதினேன்.